2 மீட்டரில் ஓடும் 4கே 10 மீட்டரில் ஏன் திணறுகிறது? ஹெச்டிஎம்ஐ கேபிளின் கதை

இந்த எபிசோடில் பேசியவர் பல வருஷமாக வீடுகளிலும் அலுவலகங்களிலும் புரொஜெக்டர், டிவி, ஸ்பீக்கர் பொருத்தித் தரும் வேலை செய்பவர். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட உரையாடலை, படிக்க வசதியாகச் சுருக்கித் தந்திருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

தொகுப்பாளர்: அண்ணா, நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஹால்ல புதுசா 4கே புரொஜெக்டர் மாட்டியிருக்கார். டிவி ஸ்டாண்ட்ல இருக்கிற ஸ்ட்ரீமிங் பாக்ஸ்லருந்து சுவர் வழியா, ஃபால்ஸ் சீலிங் வழியா 10 மீட்டர் கேபிள் போகுது. படம் ஓடும்போது பிரச்சினை இல்ல. ஆனா ஹோம் ஸ்க்ரீனுக்கு வந்தா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரை கறுப்பாகி, மறுபடி வருது. சில நேரம் வெள்ளைப் புள்ளி மின்னுது. பாக்ஸை மாத்திப் பார்த்துட்டார், சரியாகல. புரொஜெக்டர் கோளாறா இருக்குமோன்னு கேக்கறார்.

விருந்தினர்: புரொஜெக்டரைக் கழட்டவே வேண்டாம். அவர் சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. படம் ஓடும்போது சரியா இருக்கு, மெனுவுக்கு வந்தா திணறுது. பாக்ஸும் அதேதான், புரொஜெக்டரும் அதேதான், கேபிளும் அதேதான். அப்போ மாறுறது எது? கேபிள் வழியா நொடிக்கு எவ்வளவு டேட்டா போகுதுங்கிறதுதான்.

சினிமா எடுக்கறது நொடிக்கு 24 ஃப்ரேம்ல. நிறைய பாக்ஸ்ல ஒரு செட்டிங் இருக்கும், படம் ஆரம்பிச்சா வெளியீட்டையும் 24 ஹெர்ட்ஸுக்கு மாத்திக்கும். மெனுவுக்குத் திரும்பினதும் 60 ஹெர்ட்ஸ். 24 ஹெர்ட்ஸ்ல கேபிளுக்குப் பாரம் கம்மி. 60ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அந்தக் கேபிள் முதல் பாரத்தைத் தாங்குது, ரெண்டாவதைத் தாங்கல.

தொகுப்பாளர்: 24, 60ன்னா ரெண்டரை மடங்கு வரணுமே?

விருந்தினர்: நல்ல கேள்வி. கேபிள்ல நாம பார்க்கற பிக்சல் மட்டும் போறதில்ல. ஒவ்வொரு வரி முடிஞ்சதும், ஒவ்வொரு ஃப்ரேம் முடிஞ்சதும் கொஞ்சம் காலி இடம் விடுவாங்க. பழைய டிவி காலத்துலருந்து வர்ற பழக்கம் அது. இப்போ ஆடியோ அந்த இடைவெளியிலதான் போகுது. 4கேன்னா திரையில 3840க்கு 2160. ஆனா 60 ஹெர்ட்ஸ்ல கேபிள்ல போறது 4400க்கு 2250. 24 ஹெர்ட்ஸ்ல அந்தக் காலி இடம் இன்னும் பெருசு. அதனாலதான் கணக்கு சரியா ரெண்டு மடங்குல வந்து நிக்குது.

இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுடலாம், அப்புறம் எல்லாம் சுலபம். 4400ஐ 2250ஆல பெருக்கி, 60ஆல பெருக்கினா நொடிக்கு 59 கோடியே 40 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 24 பிட். கேபிள்ல அனுப்பறதுக்கு வசதியா, ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டா மாத்தறாங்க. அதனால பிக்சலுக்கு 30 பிட். மொத்தம் நொடிக்கு 17.82 ஜிகாபிட். பெட்டி மேல '18 ஜிகாபிட்'னு போட்டிருக்கறது இந்தக் கணக்குதான். அதே கணக்கை 1080பி 60க்குப் போட்டா 4.455 ஜிகாபிட்தான் வரும். அதாவது நாலுல ஒரு பங்கு.

தொகுப்பாளர்: அப்போ பத்து வருஷமா ஃபுல் ஹெச்டிக்கு ஒழுங்கா ஓடின கேபிள் 4கே வந்ததும் சொதப்பறதுல ஆச்சரியமே இல்ல.

விருந்தினர்: இல்லவே இல்ல. கேபிள் கெட்டுப்போகல. அதுக்குமேல நாலு மடங்கு பாரத்தை ஏத்திட்டோம், அவ்வளவுதான்.

கம்பிக்குள்ள நடக்கறது என்ன?

தொகுப்பாளர்: ஆனா டிஜிட்டல்னா ஒண்ணு, பூஜ்யம் மட்டும்தானே? 2 மீட்டர் போனா என்ன, 10 மீட்டர் போனா என்ன? ஒண்ணு ஒண்ணாதானே போய்ச் சேரணும்?

விருந்தினர்: எல்லாரும் கேக்கற கேள்வி. 'ஒண்ணு', 'பூஜ்யம்'ங்கறது நாம வெச்ச பேரு. கம்பிக்குள்ள ஒண்ணு, பூஜ்யம்னு எதுவும் ஓடல. ஓடறது மின்னழுத்தம். அது மேல ஏறுது, கீழ இறங்குது. மறுமுனையில இருக்கற சிப், ஒவ்வொரு பிட்டோட நேரத்துலயும் 'இப்போ மேலயா, கீழயா'ன்னு பார்த்து முடிவு பண்ணுது. ஏத்த இறக்கம் தெளிவா இருந்தா முடிவு சரி. மங்கலா இருந்தா தப்பு.

பக்கத்துத் தெருவுல கல்யாண ஸ்பீக்கர் கட்டினா நம்ம வீட்டுக்குள்ள என்ன கேக்கும்?

தொகுப்பாளர்: 'தும் தும்'னு பேஸ் மட்டும். பாட்டு என்னன்னே புரியாது.

விருந்தினர்: அதேதான். சுவரும் தூரமும் மேல் சுருதியை அதிகமா தின்னுடும், பேஸை அவ்வளவா தொடாது. தாமிரக் கம்பியும் அப்படித்தான். வேகமா மாறுற சிக்னல் கம்பியோட மேல்தோல்லதான் ஓடும், உள்பகுதியைப் பயன்படுத்தாது. அதனால தடை கூடுது. கம்பியைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக்கும் கொஞ்சம் சக்தியை உறிஞ்சுது. ரெண்டுமே வேகம் கூடக் கூட அதிகமாகும்.

ஹெச்டிஎம்ஐ கேபிள்ல மொத்தம் 19 இணைப்பு இருக்கு. படம் போறது அதுல மூணு முறுக்கு ஜோடியில, நாலாவது ஜோடி கடிகாரத் துடிப்புக்கு. 4கே 60ல ஒவ்வொரு ஜோடியிலயும் நொடிக்கு கிட்டத்தட்ட 600 கோடி பிட். ஒரு பிட்டுக்குக் கிடைக்கற நேரத்துல சிக்னல் கேபிளுக்குள்ள வெறும் 3 சென்டிமீட்டர் சொச்சம்தான் நகரும். அப்படின்னா 10 மீட்டர் கேபிளுக்குள்ள, எந்த நேரத்துல பார்த்தாலும் ஒவ்வொரு ஜோடியிலயும் 300 பிட் வரிசையா ஓடிட்டு இருக்கும்.

இங்கதான் தயாரிப்புத் தரம் தெரியும். ஒரு ஜோடியில ரெண்டு கம்பி. ஒண்ணு ஏறும்போது மத்தது இறங்கணும், சரியா ஒரே நேரத்துல. முறுக்கறதுல கவனம் இல்லாம ஒரு கம்பி அரை சென்டிமீட்டர் நீண்டுட்டாக்கூட, 3 சென்டிமீட்டர் பிட்டுல அது கணிசமான பங்கு. முழு ஹெச்டியில ஒரு பிட்டோட நீளம் 13 சென்டிமீட்டர், அங்க அதே அரை சென்டிமீட்டர் ஒண்ணும் பண்ணாது. பிளக்குல கம்பியைப் பற்றவைக்கும்போது முறுக்கை எவ்வளவு தூரம் பிரிச்சாங்க, கம்பி எவ்வளவு தடிமன், உறை ஒரே சீரா இருக்கா, இதெல்லாம்தான் தரம். தங்க முலாம் பூசினது துருப்பிடிக்காம இருக்க மட்டும்தான். கடலோர ஊர்ல அது நல்லதுதான், ஆனா படத்தோட கலரைக் கூட்டாது.

தொகுப்பாளர்: நீளம் எவ்வளவு பாதிக்கும்னு ஒரு அளவு சொல்ல முடியுமா?

விருந்தினர்: கேபிளுக்குக் கேபிள் மாறும். ஒரு உதாரணக் கணக்கு சொல்றேன், மனசுல நிக்கும். சிக்னல் இழப்பு கூட்டல்ல போகாது, பெருக்கல்ல போகும். ஒவ்வொரு மீட்டரும் வந்ததுல ஒரு பங்கைத் தின்னும். சாதாரணத் தடிமன் உள்ள கேபிள்ல 4கே 60 வேகத்துக்கு மீட்டருக்கு 2 டெசிபல் போகுதுன்னு வைங்க. 5 மீட்டர் முடிவுல சிக்னல் மூணுல ஒரு பங்கா இருக்கும். 10 மீட்டர் முடிவுல பத்துல ஒரு பங்கு. அதே கேபிள்ல 1080பி அனுப்பினா இழப்பு ஏறக்குறைய பாதிதான், மீட்டருக்கு 1 டெசிபல். 10 மீட்டர் போயும் மூணுல ஒரு பங்கு மிச்சம் இருக்கும்.

இப்போ 4கே 120க்கு வாங்க. அங்க ஹெச்டிஎம்ஐ 2.1ல கடிகார ஜோடியையும் டேட்டாவுக்கே எடுத்துக்கறாங்க. நாலு ஜோடி, ஒவ்வொண்ணுலயும் 12 ஜிகாபிட் வரை, மொத்தம் 48. இழப்பு மீட்டருக்கு 3 டெசிபல்னு வெச்சா, 3 மீட்டர்லயே சிக்னல் மூணுல ஒரு பங்காயிடும்.

தொகுப்பாளர்: அதாவது 1080பிக்கு 10 மீட்டர் எப்படியோ, 4கே 60க்கு 5 மீட்டர் அப்படி, 4கே 120க்கு 3 மீட்டர் அப்படி?

விருந்தினர்: கச்சிதம். கடையில கிடைக்கற சாதாரண தாமிரக் கேபிளுக்கு வேலை அனுபவத்துலயும் ஏறக்குறைய இதே வரிசைதான். தடிமனான, நல்லா செஞ்ச கேபிள் இன்னும் ரெண்டு மூணு மீட்டர் கூடுதலாப் போகும். ஆனா ஹெச்டிஎம்ஐ விதிப்புத்தகத்துல 'இத்தனை மீட்டர்தான்'னு ஒரு எல்லை கிடையாது. கேபிள் சோதனையில தேறணும், அவ்வளவுதான். நீளம் கூடக் கூட தேறறது கஷ்டம்.

கேபிள் தோத்தா திரையில எப்படித் தெரியும்?

தொகுப்பாளர்: கேபிள் மட்டமானதா இருந்தா படம் மங்கலாத் தெரியும்னு ஒரு நம்பிக்கை இருக்கு.

விருந்தினர்: மங்கலாத் தெரியாது. ஒரு பிட் தப்பாப் போனா ஒரு பிக்சலோட கலர் கன்னாபின்னான்னு மாறும். அதுதான் அந்த வெள்ளைப் புள்ளி, நாங்க 'ஸ்பார்க்கிள்'னு சொல்றது. அதுதான் முதல் அறிகுறி, பெரும்பாலும் கறுப்புக் காட்சியில கண்ணுல படும். இன்னும் மோசமானா குறுக்கே கோடு விழும், சத்தம் அறுந்து அறுந்து வரும். அதுக்கு மேல போனா புரொஜெக்டர் பிடியை விட்டுடும். திரை கறுப்பாகும், மறுபடி கைகுலுக்கி, காப்புரிமைப் பூட்டையும் சரிபார்த்துட்டு ரெண்டு மூணு நொடியில படம் வரும். கடைசியா 'நோ சிக்னல்'. நல்லா இருக்கறதுக்கும் ஒண்ணுமே இல்லாததுக்கும் நடுவுல ரொம்பக் குறுகலான இடம்தான் இருக்கு. 5 மீட்டர்ல அருமையா இருக்கறது 7 மீட்டர்ல மொத்தமாப் போகலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கேபிள் தாங்கலன்னு புரிஞ்சா சில கருவிகள் தானாவே பாரத்தைக் குறைச்சுக்கும். 4:2:0ன்னு ஒரு முறை, கலர் தகவலை நாலுல ஒரு பங்காக்கி அனுப்பறது. 4கே 60 அதுல 8.91 ஜிகாபிட்டுக்கு இறங்கிடும். சினிமால வித்தியாசமே தெரியாது, ஏன்னா ஸ்ட்ரீமிங் வீடியோவே அப்படித்தான் சுருக்கி வருது. ஆனா கம்ப்யூட்டரை இணைச்சா, சிவப்பு எழுத்தோட ஓரமெல்லாம் பிசிறடிக்கும். அதைப் பார்த்துட்டு 'கேபிளால கலர் போச்சு'ன்னு சொல்வாங்க. கேபிள் கலரை மாத்தல. கேபிளைப் பார்த்து பாக்ஸ் மாத்திக்கிச்சு.

2.1லயும் அந்தக் கதைதான். அங்க பிழை திருத்தற வசதி உள்ளேயே இருக்கு, அதனால புள்ளி மின்னறது அரிது. படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் சோதிச்சுப் பார்த்து, தாங்கலன்னா ஒரு படி கீழ இறங்கும். நீங்க பார்க்கப்போறது வேற அறிகுறி: கேம் கன்சோல் மெனுல 120 ஹெர்ட்ஸ் ஆப்ஷனே காணோம்.

தொகுப்பாளர்: நம்ம நேயர் இப்போ வீட்டுல எப்படிச் சோதிக்கணும்?

விருந்தினர்: செலவில்லாம மூணு சோதனை. முதல்ல பாக்ஸ் செட்டிங்ல 1080பி 60 வெச்சு ஒரு மணி நேரம் ஓடவிடணும். சுத்தமா ஓடினா கம்பி அறுந்துபோகல, பிளக் லூஸா இல்ல. ரெண்டாவது, 4கே 60ஐயே வெச்சுக்கிட்டு கலரை மட்டும் 4:2:0க்கு மாத்தணும், இல்லன்னா 4கே 30 வைக்கணும். பாரம் பாதியாகுது. பிரச்சினை நின்னுடுச்சுன்னா இது பாரத் தகராறுதான்னு உறுதி. மூணாவது சோதனைதான் தீர்ப்பு. ஒரு ஸ்டூலைப் போட்டு பாக்ஸைப் புரொஜெக்டர் பக்கத்துலயே வெச்சு, 2 மீட்டர் கேபிள்ல இணைச்சு, முழு 4கே 60ஐ ஓடவிடணும். சுத்தமா இருந்தா பாக்ஸும் புரொஜெக்டரும் நிரபராதி. 10 மீட்டர் கேபிள்தான் குற்றவாளி.

2 மீட்டர்லயும் 4கே 60 வரலன்னா வேற இடத்துல தேடணும். நிறைய டிவி, புரொஜெக்டர்ல ஒவ்வொரு போர்ட்டுக்கும் முழு வேகத்தைத் திறந்துவிடற செட்டிங் தனியா இருக்கும், வாங்கி வர்றப்போ மூடியே இருக்கும். நடுவுல பழைய ரிசீவரோ ஸ்ப்ளிட்டரோ இருந்தா அதுவும் குறுக்க நிக்கலாம்.

ஆக்டிவ் கேபிள்: எப்போ வேணும்?

தொகுப்பாளர்: சரி, குற்றவாளியைப் பிடிச்சாச்சு. இப்போ கடைக்காரர் 'ஆக்டிவ் கேபிள் போடுங்க'ன்னு சொல்றார். அது என்ன?

விருந்தினர்: ரெண்டு ஜாதி இருக்கு. முதல் ஜாதி, தாமிரம்தான். ஆனா டிவி பக்கத்துப் பிளக்குக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கும். கல்யாண ஸ்பீக்கர் உதாரணத்துக்கே வாங்க. பேஸ் மட்டும் வருது, மேல் சுருதி காணோம். அந்தச் சிப் காணாமப் போன மேல் சுருதியை மட்டும் தூக்கிவிடும். ஏற இறங்கற ஓரமெல்லாம் மறுபடி கூராயிடும். டிவிக்குள்ளயும் இதே வேலையைச் செய்யற சர்க்யூட் இருக்கு, ஆனா அதுக்கு ஒரு அளவு உண்டு. கேபிள் சிப் அதுக்கு முன்னாடியே கொஞ்சம் சுமையை வாங்கிக்கும். அதனால 18 ஜிகாபிட்டுக்கு 10 மீட்டர் சுமாராப் போகலாம், கேபிளும் மெலிசா இருக்கலாம். ஆனா இதுக்கும் முடிவு உண்டு. சிக்னல் பத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிட்டா, தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்து தூக்கப்படும்.

ரெண்டாவது ஜாதி ஆப்டிகல். ஒரு பிளக்குல மின்னழுத்தத்தை ஒளியா மாத்தி, நாலு கண்ணாடி இழை வழியா அனுப்பி, மறு பிளக்குல மறுபடி மின்னழுத்தமா மாத்தறாங்க. இந்த மாதிரி இழையில ஒளி இழப்பு ஒரு கிலோமீட்டருக்கே 3 டெசிபல் அளவுதான். நம்ம தாமிரம் 4கே 120ல ஒரு மீட்டர்ல இழந்ததை இது ஒரு கிலோமீட்டர்ல இழக்குது. அதனால 10 மீட்டரும் 30 மீட்டரும் அதுக்கு ஒண்ணுதான். ஒளியா மாத்தற சிப்புகளோட தரம்தான் இங்க கேள்வி, நீளம் இல்ல.

தொகுப்பாளர்: அந்தச் சிப்புக்கெல்லாம் கரண்ட் எங்கிருந்து?

விருந்தினர்: ஹெச்டிஎம்ஐ போர்ட்லயே ஒரு 5 வோல்ட் கம்பி இருக்கு. பாக்ஸ் அதுல குறைஞ்சது 55 மில்லி ஆம்பியர் கொடுக்கணும்னு விதி. குறைஞ்சபட்சம் அவ்வளவுதான். சில லேப்டாப், யூஎஸ்பி-சி அடாப்டர், குட்டி ஸ்ட்ரீமிங் ஸ்டிக் இதெல்லாம் அதுக்கு மேல ஒரு துளியும் தராது. அப்போ கேபிள் நல்லதா இருந்தும் படம் வராது, இல்ல சூடானதும் போயிடும். அதனாலதான் சில ஆக்டிவ் கேபிள்ல யூஎஸ்பி வால் ஒண்ணு தனியாத் தொங்கும். அதை சார்ஜர்ல மாட்டிட்டா தீர்ந்தது. ஒரே கேபிள் ஒரு பாக்ஸ்ல ஓடி இன்னொண்ணுல ஓடலன்னா முதல்ல இந்த 5 வோல்ட்டைத்தான் சந்தேகப்படணும்.

இன்னொண்ணு, இந்தக் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு பிளக்குல 'சோர்ஸ்', மறு பிளக்குல 'டிஸ்ப்ளே'ன்னு அச்சடிச்சிருப்பாங்க. மாத்தி மாட்டினா எதுவும் வெடிக்காது, படமும் வராது. கேபிள் செத்துப்போச்சுன்னு திருப்பிக் கொடுக்க வர்றவங்கள்ல சில பேர் இதைத்தான் மாத்தி மாட்டியிருப்பாங்க. சீலிங்குக்குள்ள இழுக்கறதுக்கு முன்னாடியே முனையைப் பார்த்துடணும். ஏன்னா அப்புறம் திருப்ப முடியாது.

தொகுப்பாளர்: அப்போ பேசாம எல்லாத்துக்கும் ஆப்டிகலே போட்டுட்டா?

விருந்தினர்: வேண்டாம்மா. 2 மீட்டர், 3 மீட்டர்ல சாதாரணக் கேபிள் எந்த உதவியும் இல்லாம போய்ச் சேருது. அங்க ஆக்டிவ் போட்டா பழுதாக ஒரு சிப்பைக் கூடுதலா வாங்கறீங்க, வேற லாபம் இல்ல. படம் ஏற்கனவே சரியா வந்துட்டு இருந்தா எந்தக் கேபிளும் அதை இன்னும் அழகாக்காது.

ஒட்டுப்போடறதும் கூடாது. ஆக்டிவ் தாமிரக் கேபிள்ல இருக்கற சிப், அந்தக் கேபிளோட நீளத்துக்குத்தான் அளவு பார்த்து வெச்சது. கப்ளர் போட்டு இன்னொரு 3 மீட்டர் சேர்த்தா கணக்கு குலைஞ்சிடும். சுவர்ல அழகா பிளேட் வெச்சு, அந்தப் பக்கம் ஒரு கேபிள், இந்தப் பக்கம் ஒரு கேபிள்னு மாட்டினாலும் அதே கதைதான். ஒவ்வொரு ஒட்டுலயும் கொஞ்சம் சிக்னல் பட்டுத் திரும்பும். 1080பிக்கு அது தாங்கும், 4கே 60க்கு சந்தேகம். பாக்ஸ்லருந்து புரொஜெக்டர் வரைக்கும் ஒரே துண்டா போறதுதான் நல்லது.

நேயருக்கு என்ன வாங்கச் சொல்லலாம்?

தொகுப்பாளர்: நேயரோட ஹாலுக்கு இப்போ ஒரு முடிவு சொல்லுங்க.

விருந்தினர்: முதல்ல நீளத்தை அளப்போம். நேர்க்கோட்டுல பார்த்தா பாக்ஸுக்கும் புரொஜெக்டருக்கும் 5 மீட்டர் இருக்கும். ஆனா கேபிள் பறந்து போகாதே. சுவர்ல மேல 2.5 மீட்டர், சீலிங்ல வளைஞ்சு 5.5 மீட்டர், கீழ இறங்க அரை மீட்டர், ரெண்டு முனையிலயும் கொஞ்சம் தளர்வு. அதுலயே 10 மீட்டர் ஆயிடுச்சு. பாக்ஸைப் புரொஜெக்டர் பக்கத்து ஷெல்ஃபுக்கே மாத்த முடியுமான்னு நான் முதல்ல கேப்பேன். ரிமோட் வைஃபைலயோ புளூடூத்லயோ ஓடினா, 2 மீட்டர் சாதாரணக் கேபிள்ல கதை முடிஞ்சுது. அதுதான் மலிவான தீர்வு.

முடியாதுன்னா பாரத்தைப் பார்ப்போம். அவர் புரொஜெக்டர் 4கே 60 வரைக்கும்தான். பாக்ஸும் அவ்வளவுதான். அப்போ இப்போதைக்குத் தேவை 18 ஜிகாபிட். 10 மீட்டர்ல அது சாதாரணத் தாமிரத்துக்கு எல்லை மீறின தூரம், ஆக்டிவ் தாமிரத்துக்கு எல்லையில நிக்கற தூரம், ஆப்டிகலுக்கு ஒண்ணுமே இல்லாத தூரம். திறந்த சுவர்ல கிளிப் அடிச்சுப் போறதா இருந்தா ஆக்டிவ் தாமிரத்தை முயற்சி பண்ணலாம், சரிவரலன்னா கழட்டிடலாம். சீலிங்குக்குள்ள புதைக்கப்போறதா இருந்தா நான் ஆப்டிகல்தான் போடுவேன், அதுவும் 48 ஜிகாபிட் தாங்கறது. அஞ்சு வருஷம் கழிச்சு 120 ஹெர்ட்ஸ் புரொஜெக்டர் வாங்கினா மறுபடி சீலிங்கை உடைக்க வேண்டாம் பாருங்க.

தொகுப்பாளர்: கடையில பெட்டியைப் பார்த்து எப்படித் தெரிஞ்சுக்கறது? எல்லாத்துலயும் '8கே' போட்டிருக்கு.

விருந்தினர்: '8கே', '2.1 கேபிள்' இதெல்லாம் யாரும் அச்சடிக்கலாம். கேபிளுக்கு வெர்ஷன் நம்பரே கிடையாது, வகைப்பேர்தான் உண்டு. 'ஹை ஸ்பீட்'னா 10.2 ஜிகாபிட், 'பிரீமியம் ஹை ஸ்பீட்'னா 18, 'அல்ட்ரா ஹை ஸ்பீட்'னா 48. கடைசி ரெண்டுக்கும் பெட்டி மேல க்யூஆர் கோடு உள்ள சான்று ஸ்டிக்கர் இருக்கணும். ஹெச்டிஎம்ஐ அமைப்போட சொந்த ஆப்ல ஸ்கேன் பண்ணினா அந்தப் பிராண்டும் நீளமும் பட்டியல்ல இருக்கான்னு காட்டும். நீளத்தைக் கட்டாயம் பாருங்க. ஒரே பிராண்டுல 2 மீட்டர் தேறியிருக்கும், 10 மீட்டர் தேறியிருக்காது.

சவுண்ட்பார் வெச்சிருக்கறவங்க இன்னொண்ணு கேக்கணும். டிவிலருந்து சத்தம் திரும்பி வர்ற வசதி, ஈஆர்க், அது சில ஆப்டிகல் கேபிள்ல வேலை செய்யாது. படம் ஒரு திசையில போறதுக்குத்தான் இழை. திரும்பி வர்ற சத்தத்துக்குத் தனியா தாமிரக் கம்பி உள்ள இருக்கணும். நம்ம நேயருக்கு அது தேவையில்ல, பாக்ஸும் ஸ்பீக்கரும் ஒரே பக்கம்தான் இருக்கு.

தொகுப்பாளர்: இழுக்கும்போது கவனிக்க வேண்டியது?

விருந்தினர்: மூணு விஷயம். பிளக்கைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, கேபிள் உடம்புல கயிறு கட்டி இழுக்கணும். பிளக்கோட சந்துலதான் இழை ஒட்டியிருக்கு, அங்க இழுத்தா போச்சு. ரெண்டாவது, பைப் முனையில மடக்கி ஒடிக்கக் கூடாது, பெரிய வளைவாத் திருப்பணும். மூணாவது, பைப்புக்குள்ள பிளக்கு போகுமான்னு முன்னாடியே பார்க்கணும். நேர் பைப்ல போற பிளக்கு எல்போவுல மாட்டிக்கும். அதுக்குன்னே தலை கழட்டற மாதிரி ஆப்டிகல் கேபிள் வருது, சின்ன முனையை உள்ள விட்டு, அந்தப் பக்கம் போனதும் பெரிய பிளக்கை மாட்டிக்கலாம்.

எல்லாத்துக்கும் முன்னாடி, பெட்டியைப் பிரிச்சதும் கேபிளைத் தரையிலயே விரிச்சுப் போட்டு, ரெண்டு பக்கமும் இணைச்சு, 4கே 60 முழுக் கலர்ல ஒரு ராத்திரி ஓடவிடுங்க. கறுப்புக் காட்சி நிறைய இருக்கற படமாப் பார்த்துப் போடுங்க, புள்ளி மின்னினா உடனே தெரியும். அதுல தேறின கேபிளைத்தான் சீலிங்குக்குள்ள அனுப்பணும்.

தொகுப்பாளர்: அப்போ நேயரே, நாளைக்கு ஒரு ஸ்டூல், ஒரு 2 மீட்டர் கேபிள், ஒரு மணி நேரம். சோதிச்சுட்டு என்ன ஆச்சுன்னு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கறோம்.

விருந்தினர்: ஸ்டூல் ஆடாம இருக்கான்னு பார்த்துட்டு ஏறச் சொல்லுங்க.